மெயில் தொடர் தீர்மானப் புத்தகம் ஆகாது

ஒரு விஷயத்தைப் பற்றி முப்பது, நாற்பது மெயில்கள் ஓடி முடிந்தபின், அவற்றிலிருந்து முடிவுகளையும் பணிகளையும் பொறுப்பாளர்களையும் பிரித்துத் தனிப் பட்டியல் போட வேண்டியதில்லை என்ற கருத்து அலுவலகங்களிலும் சங்கங்களிலும் சிறு நிறுவனங்களிலும் வேரூன்றியிருக்கிறது. "எல்லாம் மெயிலிலேயே இருக்கிறது, தேடிப் பார்த்துக்கொள்ளலாம்" என்பதுதான் அதன் சுருக்கம்.

இதைச் சொல்பவர்கள் சோம்பேறிகள் என்று தள்ளிவிட முடியாது. அவர்களுக்கு நான்கு வாதங்கள் உண்டு. மெயிலில் ஒவ்வொருவர் சொன்னதும் அவரவர் சொற்களில், தேதியோடும் நேரத்தோடும் இருக்கிறது. பட்டியலோ அதை எழுதியவர் புரிந்துகொண்டது மட்டுமே. கடைசி மெயிலைத் திறந்தால் முந்தையவை எல்லாம் அதன் அடியில் தொங்குகின்றன. எல்லாருக்கும் நகல் போயிருக்கிறது, மறுக்காதவர் ஒப்புக்கொண்டவர். கடைசியாக, பட்டியல் என்பது ஒரே வேலையை இரண்டு முறை செய்வது. கூட்டக் குறிப்பு எழுதியவர் தன் வசதிக்கு வளைத்து எழுதியதைப் பார்த்துச் சூடுபட்டவர்களே இந்த வாதங்களை அதிகம் சொல்கிறார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நான்கும் எங்கே உடைகின்றன என்பது ஒரு தொடரைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். கீழே வருவது விளக்கத்துக்காகக் கட்டிய எடுத்துக்காட்டு. ஊரும் பருவமும் மெய். நிறுவனமும் ஆட்களும் தொகைகளும் கற்பனை.

சேத்தியாத்தோப்புப் பக்கத்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று. ஒரத்தூர், பின்னலூர், மிராளூர் ஆகிய ஊர்களிலிருந்து இயக்குநர்கள் இருக்கிறார்கள். சம்பா அறுவடை ஜனவரி நடுவில் தொடங்கும். டிசம்பர் 3 அன்று முதன்மைச் செயல் அலுவலர் தன்னையும் சேர்த்து ஒன்பது பேர் கொண்ட குழுவுக்கு "சம்பா அறுவடை ஏற்பாடு" என்ற தலைப்பில் மெயில் போடுகிறார். கேள்விகள் மூன்று: அறுவடைக்கு டயர் வண்டியா, பெல்ட் வண்டியா? நெல் காயவைக்கத் தார்ப்பாய் எத்தனை? கிடங்கு எங்கே? டயர் வண்டிக்கு மணிக்கு 1,800 ரூபாய், பெல்ட் வண்டிக்கு 2,600 ரூபாய் என்ற விலைப்பட்டியலும் இணைப்பில் இருக்கிறது.

4ஆம் தேதி ஒரத்தூர் இயக்குநர், "எங்க பக்கம் மேட்டு நிலம், டயர் வண்டியே போதும்" என்கிறார். 5ஆம் தேதி பின்னலூர் இயக்குநர், "வாய்க்கால் ஓரத்து வயல்ல டயர் வண்டி இறங்கினா புதைஞ்சிடும், பெல்ட் இல்லாம முடியாது" என்கிறார். வீராணம் ஏரி 47.50 அடி என்ற முழு மட்டத்தை நெருங்கினால் உபரிநீர் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு வழியாக வெள்ளாற்றில் விடப்படும். தாழ்ந்த வயல்களில் ஈரம் தை வரை நிற்கும். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 6ஆம் தேதி தலைவரிடமிருந்து ஒரே வரி: "சரி, அப்படியே செய்யலாம்."

9ஆம் தேதி கணக்காளர் தலைப்பை "தார்ப்பாய் கொட்டேஷன்" என்று மாற்றி எழுதுகிறார்: சிதம்பரம் கடையில் ஒன்று 1,100 ரூபாய், நாற்பது எடுத்தால் 44,000. 11ஆம் தேதி தலைவர், "வாங்கிடுங்க." 13ஆம் தேதி செயல் அலுவலர் கிடங்கு உரிமையாளருக்கு எழுதுகிறார், தலைவருக்கு மட்டும் நகல். மாத வாடகை 12,000. தலைவர், "ரெண்டு மாசத்துக்குப் பேசிடலாம்." 15ஆம் தேதி மழை பிடிக்க, மிராளூர் இயக்குநர் இன்னும் இருபது தார்ப்பாய் கேட்கிறார், செயல் அலுவலர், "நல்ல யோசனை" என்கிறார். 17ஆம் தேதி ஒரத்தூர் இயக்குநர், "நம்ம மச்சான் கிடங்கு காலியா இருக்கு, வாடகையும் குறைவு" என்று எழுதுகிறார். 18ஆம் தேதி பெல்ட் வண்டிக்காரர் அனுப்பிய செய்தியைச் செயல் அலுவலர் அப்படியே முன்னனுப்புகிறார். அதன் கடைசி வரியில், 24ஆம் தேதிக்குள் 25,000 முன்பணம் வராவிட்டால் வண்டி தஞ்சாவூர்ப் பக்கம் போய்விடும் என்று இருக்கிறது. இடையிடையே ஈரப்பதக் கருவி, அடங்கல், பொங்கல் விடுமுறை, ஏரி மட்டம், யாருடைய கைப்பேசியோ ரிப்பேர் என்று மேலும் பல. 20ஆம் தேதி மொத்தம் முப்பத்து நான்கு மெயில்கள். மூன்று கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது என்று ஒன்பது பேரும் நம்புகிறார்கள். கிடைத்தது ஒன்றுக்குத்தான்.

1. கடைசி மெயிலில் எல்லாம் இருக்கிறதா?

இல்லை. மெயில் தொடர் நேர்கோடு போலத் திரையில் தெரிகிறது. உண்மையில் அது கிளைகள் விட்ட மரம். ஒவ்வொரு மெயிலின் தலைப்பகுதியிலும் அதற்கென ஓர் அடையாளம் இருக்கிறது, `Message-ID`. பதில் அனுப்பும்போது எந்த மெயிலுக்குப் பதில் என்பது `In-Reply-To` என்ற வரியிலும், அதற்கு முந்தைய சங்கிலி `References` என்ற வரியிலும் பதிவாகிறது. இணைய மெயிலின் வடிவத்தை வரையறுக்கும் ஆர்.எப்.சி. 5322 என்ற 2008ஆம் ஆண்டு ஆவணம் இந்த வரிகளை விளக்குகிறது. ஆனால் ஜிமெயில் போன்ற சேவைகள் இந்த மரத்தைக் காட்டுவதில்லை. வந்த நேரப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிடுகின்றன.

இதன் விளைவுதான் தலைவரின் "சரி, அப்படியே செய்யலாம்." அது திரையில் பின்னலூர் இயக்குநரின் மெயிலுக்குக் கீழே நிற்கிறது. ஆகவே பெல்ட் வண்டி முடிவாகிவிட்டது என்று பலர் படிக்கிறார்கள். மெயிலின் அடியில் மூன்று புள்ளியைத் தட்டி மறைந்திருக்கும் மேற்கோளை விரித்தாலோ, ஜிமெயிலில் `Show original` போய்ப் பார்த்தாலோ, அது ஒரத்தூர்க்காரரின் 4ஆம் தேதி மெயிலுக்கு எழுதிய பதில் என்று தெரிகிறது. அதாவது டயர் வண்டி. இத்தோடும் விஷயம் முடியவில்லை. தலைவர் இரண்டையும் படித்துவிட்டு, கையில் எது திறந்திருந்ததோ அதிலிருந்தே பதில் தட்டியிருக்கலாம். பதில் எங்கே தொங்குகிறது என்பதைத் தொழில்நுட்பம் சொல்லும்; எதை நினைத்துச் சொன்னார் என்பதை அவரைக் கேட்டால்தான் தெரியும்.

கணக்காளர் தலைப்பை மாற்றியதும் தார்ப்பாய்ப் பேச்சு தனித் தொடராகப் பிரிந்துவிட்டது. ஜிமெயில் தலைப்பு மாறினாலும், ஒரே தொடரில் நூறு மெயிலைத் தாண்டினாலும் உரையாடலை வெட்டிவிடும். கிடங்குப் பேச்சோ ஏழு பேரின் பெட்டிக்கு வரவே இல்லை. பதில் அனுப்பும்போது இணைப்புகளும் உதிர்ந்துவிடும். முன்னனுப்பினால்தான் கூடவே போகும். ஆகவே 20ஆம் தேதி மெயிலைத் திறந்து கீழே இறங்குபவருக்குத் தார்ப்பாய் முடிவும் கிடங்குப் பேச்சும் விலைப்பட்டியலும் கண்ணில் படாது. எதுவும் விடுபட்டதாகவும் தோன்றாது, அதுதான் சிக்கல்.

பட்டியல் போடுபவரின் முதல் வேலை அதனால் படிப்பது அல்ல, திரட்டுவது. தலைப்பை வைத்துத் தேடினால் போதாது. சம்பந்தப்பட்டவர்களின் பெயரையும் தேதி எல்லையையும் வைத்துத் தேட வேண்டும். தன் பெட்டியில் இல்லாத கிளை இருக்கக்கூடும் என்பதால், செயல் அலுவலரிடமும் தலைவரிடமும் தனியே ஏதாவது ஓடியதா என்று கேட்டுவிட வேண்டும். பிறகு முதல் மெயிலிலிருந்து காலவரிசையில், மேற்கோள்களை ஒதுக்கி, புதிதாக எழுதப்பட்ட வரிகளை மட்டும் படிக்க வேண்டும். கடைசியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பவர், பின்னால் மாறிய முடிவை முதலில் பார்த்துவிட்டு, மாறுவதற்கு முந்தையதை அதற்கு விளக்கம் என்று எடுத்துக்கொள்வார்.

2. மறுக்காதவர் ஒப்புக்கொண்டவரா?

இந்த வாதம்தான் அதிகம் கெடுக்கிறது. மெயிலில் மௌனத்துக்குக் குறைந்தது நான்கு காரணங்கள் இருக்க முடியும்: படிக்கவில்லை, படித்தும் தனக்குச் சம்பந்தமில்லை என்று விட்டுவிட்டார், உடன்படவில்லை ஆனால் பெரியவர் சொன்னதை எல்லார் முன்னும் மறுக்க விரும்பவில்லை, உண்மையிலேயே உடன்படுகிறார். முதல் மூன்றையும் நான்காவதாக எண்ணுவதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. தலைவரை "ஐயா" என்றே அழைத்துப் பழகிய சபையில் மூன்றாவது காரணம் எவ்வளவு வலுவானது என்பதை விளக்கவே வேண்டாம்.

மௌனத்தை விடுவோம். வாய்திறந்து சொன்னதாவது முடிவா? "செய்யலாம்" என்பது யோசனையாகவும் இருக்கலாம், அனுமதியாகவும் இருக்கலாம், ஆணையாகவும் இருக்கலாம். "நல்ல யோசனை" என்பது பாராட்டு. "ரெண்டு மாசத்துக்குப் பேசிடலாம்" என்பது பேரம் பேசச் சொன்னது. வாடகைக்கு எடுத்துக்கொண்டதாக ஆகாது. ஒரு வரியை முடிவு என்று எழுதுமுன் மூன்றைக் கேட்க வேண்டும். எந்தக் கேள்விக்கு இது பதில்? சொன்னவருக்கு இதைத் தீர்மானிக்கும் அதிகாரம் உண்டா? இதற்குப் பிறகு யாராவது மாற்றினார்களா?

அதிகாரம் என்ற இரண்டாவது கேள்வியைப் பலரும் தாண்டிப் போகிறார்கள். எடுத்துக்காட்டு நிறுவனத்தில், 50,000 ரூபாய் வரையிலான செலவுக்குத் தலைவரே ஒப்புதல் தரலாம் என்று இயக்குநர் வாரியம் முன்பே தீர்மானித்திருக்கிறது என்று கொள்வோம். நாற்பது தார்ப்பாய் 44,000. தலைவர் "வாங்கிடுங்க" என்றதும் அது முடிவு. இன்னும் இருபது சேர்ந்தால் 66,000. செயல் அலுவலரின் "நல்ல யோசனை" மட்டுமல்ல, தலைவரே ஒப்புக்கொண்டாலும் அது முடிவாகாது; வாரியத்துக்குப் போக வேண்டும்.

வாரியத்தின் ஒப்புதலை மெயிலில் வாங்க முடியாதா என்றால், முடியும், கண்டபடி அல்ல. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 175ஆம் பிரிவு, கூட்டம் கூடாமல் சுற்றறிக்கை வழியாகத் தீர்மானம் நிறைவேற்ற வழி தருகிறது. அதற்குத் தீர்மான வரைவும் தேவையான தாள்களும் எல்லா இயக்குநர்களுக்கும் போக வேண்டும். வாக்குரிமை உள்ளவர்களில் பெரும்பான்மையினர் ஒப்புதல் தர வேண்டும். மூன்றில் ஒரு பங்கினர் கூட்டத்தில் வைக்கக் கேட்டால் கூட்டத்தில்தான் வைக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் அது குறிக்கப்பட்டுக் கூட்டக் குறிப்பில் சேர வேண்டும். மெயில் தொடரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழும் "ஓகே"களில் இந்த நான்கில் எதுவும் நடப்பதில்லை. வரைவே இல்லாதபோது எதற்கு ஓகே? இங்கே மௌனம் சம்மதம் என்று வாதிடுபவர் தன்னையறியாமல் சட்டத்தின் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறார்.

3. எல்லாருக்கும் நகல் போனால் யாருக்கு வேலை?

யாருக்கும் இல்லை. தொடரில் இரண்டு வரிகள் இருந்தன: "ஈரப்பதக் கருவியைச் சரிபார்த்து வைக்கவும்", "அடங்கல் வாங்கி வைக்கச் சொல்லவும்." இரண்டும் தலைபோகிற வேலைகள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் பொதுவாக நெல்லைத் திருப்பிவிடுவார்கள். கருவி தப்பாகக் காட்டினால் காயாத நெல்லை ஏற்றிக்கொண்டுபோய் வரிசையில் நின்று திரும்ப வேண்டிவரும். அடங்கல் இல்லாமல் விற்பனைக்குப் பதிவே நடக்காது. இவ்வளவு இருந்தும் இரண்டு வரியிலும் செய்கிறவர் இல்லை. "வைக்கவும்" என்ற வினை ஒன்பது பேரையும் பார்த்துப் பொதுவாகச் சொல்லப்பட்டது. ஒன்பது பேரும் மற்ற எட்டுப் பேரைப் பார்த்தார்கள்.

பணி என்று பட்டியலில் ஏறுவதற்கு ஒரு வினை, ஒரு பொருள், ஓர் ஆள், ஒரு தேதி வேண்டும். ஆள் ஒருவர்தான். கணக்காளரும் செயல் அலுவலரும் சேர்ந்து செய்வார்கள் என்றால், முடியாதபோது யாரைக் கேட்பது என்று பார்த்து அவர் பெயரை எழுத வேண்டும். மற்றவரை உதவி என்று பக்கத்தில் குறித்தால் போதும். "அலுவலகம்", "இயக்குநர்கள்", "நம்ம தரப்பு" என்பவையெல்லாம் பெயர்கள் அல்ல.

இங்கே பட்டியல் போடுபவரும் ஒரு தவறு செய்யக்கூடும். தொடரில் ஆள் இல்லாத பணியைக் கண்டதும், யாருக்குப் பொருத்தமோ அவர் பெயரைத் தானே போட்டுவிடத் தோன்றும். போட்டால் பட்டியல் முழுமையாகத் தெரியும். அந்த ஆளுக்கோ விஷயமே தெரியாது. தொடரில் யாரும் ஏற்காத பணிக்கு எதிரே "பொறுப்பாளர் இல்லை, கணக்காளர் ஏற்கலாமா?" என்று கேள்வியாகத்தான் எழுத வேண்டும். அவர் ஏற்றபின் கேள்விக்குறியை எடுத்துவிடலாம். மெயில் தொடரிலேயே இல்லாத ஒருவரைப் பொறுப்பாளராக எழுதியிருந்தால், உதாரணமாக ஒவ்வோர் ஊரிலும் அடங்கல் திரட்ட வேண்டிய உறுப்பினரை, அவருக்குத் தனியே சொல்ல வேண்டிய வேலை இன்னொரு பணியாகவே பட்டியலில் ஏற வேண்டும்.

தேதிக்கும் இதே கவனம் வேண்டும். 24ஆம் தேதிக் கெடு முன்னனுப்பிய செய்தியின் அடிவரியில் கிடந்தது. தொடரில் யாரும் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. நீண்ட தொடர்களில் கெடுக்கள் பெரும்பாலும் வெளியாட்களின் செய்தியிலோ இணைப்பிலோதான் ஒளிந்திருக்கும். பேசிக்கொள்பவர்கள் தங்களுக்குள் கெடு வைத்துக்கொள்வது அரிது.

4. பட்டியல் ஒருவரின் சாய்வா?

ஆம், ஆகலாம். எதிர்த்தரப்பின் வாதங்களில் நிற்கக்கூடியது இது ஒன்றுதான். ஆனால் சாய்வுக்கு மருந்து பட்டியலைத் தவிர்ப்பது என்றால், ஒன்பது பேர் ஒன்பது பட்டியலை மனத்துக்குள் வைத்துக்கொண்டு நடப்பதில் சாய்வு இல்லை என்று ஆகிறது. எழுதிய பட்டியலைத் திருத்த முடியும். மனத்தில் இருப்பதைத் திருத்த யாராலும் முடியாது.

எழுதிய பட்டியல் சாயாமல் இருக்க ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூலம் இருக்க வேண்டும்: யார், எந்தத் தேதி மெயில். சந்தேகம் உள்ளவர் அரை நிமிடத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். முடிவானதும் ஆகாததும் தனித்தனிப் பகுதியில் இருக்க வேண்டும். ஆகாததை முடிவின் நடுவே மென்மையான சொல்லில் நுழைக்கக் கூடாது. பட்டியல் அதே ஒன்பது பேருக்கும் திரும்பப் போய், இந்தத் தேதிக்குள் திருத்தம் சொல்லவும் என்று கேட்க வேண்டும். முடிவாகாத கேள்விகளுக்கு, தீர்மானிக்க வேண்டியவரின் பெயரைச் சொல்லியே பதில் கேட்க வேண்டும். இங்கும் மௌனத்தைச் சம்மதமாக எடுத்தால், மறுத்த வாதத்துக்கே திரும்பிப் போனதாகும்.

எடுத்துக்காட்டுத் தொடர் 20ஆம் தேதி இப்படிப் பிரிகிறது:

முடிவானவை
தார்ப்பாய் 40, சிதம்பரம் கடை, 44,000 ரூபாய். (தலைவர், டிச. 11)

முடிவாகாதவை
அ. அறுவடை வண்டி: தலைவரின் டிச. 6 பதில் டயர் வண்டி பற்றிய டிச. 4 மெயிலுக்குக் கீழ் உள்ளது, டிச. 5 மெயில் பெல்ட் கேட்கிறது. தலைவர் டிச. 22க்குள் சொல்ல வேண்டும். பெல்ட் வண்டி முன்பணக் கெடு டிச. 24.
ஆ. கூடுதல் 20 தார்ப்பாய்: மொத்தம் 66,000 ஆவதால் வாரியம் தீர்மானிக்க வேண்டும். (மிராளூர் இயக்குநர், டிச. 15)
இ. கிடங்கு: ஒன்று மாதம் 12,000, பேச்சு நடக்கிறது (தலைவர், டிச. 13, மற்ற இயக்குநர்களுக்கு நகல் போகவில்லை). மற்றொன்று ஒரத்தூர் இயக்குநரின் உறவினருடையது, வாடகை சொல்லப்படவில்லை (டிச. 17). தீர்மானிக்க வேண்டியவர் தலைவர்.

பணிகள்
தார்ப்பாய்க்குப் பணம் கட்டி எடுத்துவருதல்: கணக்காளர், டிச. 27.
இரண்டாவது கிடங்கின் வாடகை, பரப்பு, கூரை நிலை எழுத்தில் பெறுதல்: பொறுப்பாளர் இல்லை, செயல் அலுவலர் ஏற்கலாமா? டிச. 22.
கூடுதல் தார்ப்பாய்க்குத் தீர்மான வரைவு: பொறுப்பாளர் இல்லை, செயல் அலுவலர் ஏற்கலாமா? டிச. 23.
ஈரப்பதக் கருவி சரிபார்ப்பு: பொறுப்பாளர் இல்லை, கணக்காளர் ஏற்கலாமா? ஜன. 5.
உறுப்பினர்களிடம் அடங்கல் திரட்டல்: பொறுப்பாளர் இல்லை, ஊருக்கு ஓர் இயக்குநர் என்று பிரிக்கலாமா? ஜன. 8.

ஏரி மட்டமும் பொங்கல் விடுமுறையும் பட்டியலில் இல்லை. அவை தகவல்கள், ஒரு முடிவையோ தேதியையோ மாற்றினால் மட்டுமே அந்த வரிக்குள் வர வேண்டும். கிடங்கு உறவினருடையது என்பது மட்டும் ஒரு சொல்லில் நிற்கிறது, ஏனென்றால் தீர்மானிப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். குற்றம் சாட்டும் தொனி தேவையில்லை.

இந்தப் பட்டியலைக் கண்ட தலைவர் 21ஆம் தேதி எழுதும் பதில் இப்படி இருக்கக்கூடும்: ஒரத்தூருக்கு டயர், பின்னலூருக்கும் மிராளூருக்கும் பெல்ட், அதைத்தான் சொன்னேன். தொடரைப் படித்த இரு கட்சியினரும் எட்டாத விடை அது. எந்த மெயிலிலும் அது எழுதப்படவில்லை. எத்தனை முறை தேடினாலும் கிடைத்திருக்காது.

திரும்ப வரும் பட்டியல் நம்பத்தக்கதா என்று பார்க்கச் சில அடையாளங்கள் உண்டு. முப்பது மெயிலுக்கு மேல் ஓடிய தொடரிலிருந்து வந்த பட்டியலில் முடிவாகாதது ஒன்றுமே இல்லையென்றால், எழுதியவர் இடைவெளிகளைத் தானே நிரப்பியிருக்கிறார் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பணிகளில் பாதிக்கு மேல் எழுதியவர் பெயரிலோ, தொடரில் அதிகம் பேசாத ஒருவர் பெயரிலோ இருந்தாலும் அப்படித்தான்.

5. இது கம்பெனிக்காரர்களின் புதுப் பகட்டா?

சிதம்பரம் சார் ஆட்சியர் அலுவலகத்திலோ எந்த வட்டாட்சியர் அலுவலகத்திலோ பழைய எழுத்தர் ஒருவரைக் கேட்டால் சிரிப்பார். டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயரால் வழங்கும் அலுவலக நடைமுறை, மதராஸ் மாகாணக் காலத்திலிருந்து தமிழ்நாட்டு மாவட்ட அலுவலகங்களில் புழங்குகிறது. அதில் வந்த கடிதங்களும் போன கடிதங்களும் நடப்புக் கோப்பில் சேரும். அவற்றைப் படித்து, பிரச்சினை என்ன, விதி என்ன, என்ன செய்யலாம் என்று எழுதுவது குறிப்புக் கோப்பு. அதிகாரியின் ஆணையும் கையொப்பமும் அங்கேதான் விழும். ஒவ்வொரு எழுத்தரிடமும் தன்பதிவேடு இருக்கும். எந்தத் தாள் என்று வந்தது, யாரிடம் போயிருக்கிறது, பதில் வந்ததா, எப்போது முடிந்தது என்பது அதில் ஏறும். முடிந்த கோப்பை ஓராண்டு வைப்பதா, மூன்றாண்டா, பத்தாண்டா, நிரந்தரமா என்பதும் குறிக்கப்படும்.

கடிதக் கட்டையே தீர்மானம் என்று அந்த அலுவலகங்கள் ஒருநாளும் நம்பியதில்லை. அந்த முறையின் தாமதத்தையும் சிவப்பு நாடாவையும் பற்றி எத்தனையோ குறை சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் பேச்சு ஓரிடம், முடிவு ஓரிடம், யார் கையில் நிற்கிறது என்பது ஓரிடம் என்ற பிரிப்பில் குறையில்லை. மெயில் வந்தபின் தபால்காரர்தான் வேகமானார். குறிப்புக் கோப்பையும் தன்பதிவேட்டையும் தூக்கிப்போட அது காரணம் ஆகாது.

6. இரட்டை வேலையா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்பது பேரும் "என்ன முடிவாச்சு" என்று தெரிந்துகொள்ள முப்பத்து நான்கு மெயிலையும் ஆளுக்கு இருபது நிமிடம் புரட்டினால் மூன்று மணி நேரம். அப்படிப் புரட்டியும் ஒரே விடைக்கு வர மாட்டார்கள். ஒருவர் உட்கார்ந்து பட்டியல் போட ஒன்றரை மணி நேரம் என்று தாராளமாக வைத்தாலும் பாதிதான். மறுமுறை கேள்வி எழும்போது முதல் வழியில் மீண்டும் மூன்று மணி நேரம். இரண்டாவது வழியில் ஒரு நிமிடம்.

7. வழக்கு வந்தால் மெயில்தானே சாட்சி?

மெயில்தான். 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவு உரிய சான்றிதழோடு சாட்சியமாக ஏற்கப்படும். ஆகவே பட்டியல் போட்டாயிற்று என்று தொடரை அழித்துவிடக் கூடாது; பட்டியலில் மூலத் தேதி போடுவதும் அதனால்தான். ஆனால் வழக்கில் என்ன காட்டலாம் என்பதை வைத்து நாளை யார் எதைச் செய்வது என்பதை நடத்த முடியாது. மேலும் அதே தொடர் நீதிமன்றத்துக்குப் போனால் "சரி, அப்படியே செய்யலாம்" என்பதை இரண்டு தரப்பும் தனக்குச் சாதகமாகவே படிக்கும். திருத்தம் கேட்டு அனுப்பிய பட்டியலும் அதற்கு வந்த பதில்களும் மெயில்கள்தான். அவையும் அதே சாட்சியக் கட்டில் சேரும், தெளிவாகப் பேசும்.

பட்டியலால் ஆகாதவையும் உண்டு. இரண்டு பேருக்குள் நாலைந்து மெயிலில் முடிந்துபோன விலைக் கேள்விக்குப் பட்டியல் வீண். சண்டை நடந்துகொண்டிருக்கும் தொடருக்குப் பட்டியல் போட்டால் அதுவே அடுத்த சண்டைக்குப் பொருளாகும். அங்கே முடிவாகாத கேள்வியை மட்டும் இரு தரப்பின் சொற்களோடு ஒரு வரியில் எழுதி, கூட்டத்துக்கோ தொலைபேசிக்கோ அனுப்புவது மேல். தீர்மானிக்க அதிகாரம் உள்ளவர் தொடரிலேயே இல்லையென்றால் முதல் பணி அவரைச் சேர்ப்பது. அதுவரை மற்ற வரிகள் எல்லாம் யோசனைகள் என்ற தலைப்பின் கீழ்தான் நிற்க வேண்டும். திருத்தங்கள் வந்து முடிந்த பட்டியலைப் பழைய தொடரில் இன்னொரு மெயிலாகச் சேர்க்காமல், தேதியுடன் புதிய தலைப்பில் அனுப்ப வேண்டும். அடுத்து வரும் பதில்கள் அதன் கீழ் விழட்டும்.